தேவைன்னா மட்டும்தான் போன் பண்றாங்களா? ஓர் அபிப்பிராயத்தை எண்ணிப் பார்க்கும் விதம்

கேள்வி: என் மூத்த ஓரகத்தி தேவைன்னா மட்டும்தான் போன் பண்ணுவாங்கன்னு பல வருஷமா எனக்கு ஒரு எண்ணம். "நீ அப்படி நினைக்கிறதால உனக்கு அப்படியே தெரியுது"ன்னு கணவர் சொல்றார். யோசிச்சா, ஆபீஸ்ல என் கீழ வேலை பார்க்கிற ஒரு பையனைக் கவனமில்லாதவன்னும், கீழ்வீட்டுக்காரரைத் திமிர் பிடிச்சவர்னும் நினைச்சு வச்சிருக்கேன். இதெல்லாம் உண்மையா, இல்ல எனக்கு வேண்டியதை மட்டும் நான் பார்க்கிறேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில்:

இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். நீங்கள் யோசிக்கும்போது மனம் எடுத்துக் கொடுக்கும் சம்பவங்களை அந்த அபிப்பிராயமே பல வருடங்களாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. அதையே சாட்சிக்குக் கூப்பிட்டால் ஒரே பதில்தான் வரும். நல்லவேளையாக, ஓரகத்தி விஷயத்தில் உங்கள் ஞாபகத்தைச் சாராத ஒரு பதிவு கையிலேயே இருக்கிறது. போனில் உள்ள கால் லாக்தான் அது. எப்படி எண்ணுவது, எந்த இடத்தில் வழுக்கும் என்று சொல்கிறேன். முதலில் அந்த எண்ணம் ஏன் இத்தனை உறுதியாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அவர் இரண்டு விதமாகக் கூப்பிட்டிருப்பார். "சும்மாதான் கூப்பிட்டேன், பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" என்று கேட்டு நான்கு நிமிடம் பேசிவிட்டு வைப்பது ஒன்று. "சனிக்கிழமை நாங்க ஒரு கல்யாணத்துக்குப் போறோம், பையனை உங்க வீட்ல விட்டுட்டுப் போகட்டுமா?" என்பது இன்னொன்று. முதல் போன் வைத்ததோடு முடிந்துவிடும். இரண்டாவது அப்படி முடியாது. சனிக்கிழமை நீங்கள் போக நினைத்த இடம் தள்ளிப்போகும், பையனுக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும், அவன் எதையாவது உடைத்துவைப்பான், இரவு அதைப் பற்றிக் கணவரிடம் இரண்டு வார்த்தை பேசுவீர்கள். ஒரே போன் ஞாபகத்தில் நான்கைந்து இடங்களில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஐந்து வருடம் கழித்தும் எந்த போன் மிஞ்சியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச் இந்த வகை எதிர்பார்ப்புகளைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சில எதிர்பார்ப்புகள் பலித்தால் மட்டுமே ஒரு சம்பவம் நடந்ததாக நமக்குத் தெரியும். பலிக்காவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். "குளிக்கப் போனால்தான் காலிங் பெல் அடிக்கிறது" என்பது அப்படிப்பட்டது. பெல் அடிக்காமல் நிம்மதியாகக் குளித்த நாட்கள் யாருக்கும் சம்பவங்கள் இல்லை. "தேவைன்னா மட்டும்தான்" என்பதும் இதே அச்சில் வார்த்த வாக்கியம். அதைப் பொய்யாக்கும் போன்கள் அனைத்தும் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் மறைகின்றன. உளவியலில் உறுதிப்படுத்தல் சார்பு, அதாவது கன்ஃபர்மேஷன் பயாஸ் என்று சொல்வதில் பாதி இவ்வளவுதான். வேண்டுமென்று யாரும் பொய் சொல்லிக்கொள்வதில்லை. எதிர்ச் சாட்சிக்கு உருவமே இல்லாததால் அது கண்ணில் படுவதில்லை.

உளவியலாளர் யான் ஸ்மெட்ஸ்லுண்ட் 1963-இல் செய்த ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையோடு காட்டுகிறது. நர்ஸ்களிடம் 100 அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு நோயாளி. குறிப்பிட்ட அறிகுறி இருந்ததா, குறிப்பிட்ட நோய் இருந்ததா என்று அதில் இருக்கும். அறிகுறிக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லாதபடிதான் அட்டைகள் அமைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் பெரும்பாலான நர்ஸ்கள் சம்பந்தம் இருக்கிறது என்றார்கள். இரண்டும் சேர்ந்து இருந்த 37 அட்டைகள் அவர்கள் கண்ணில் நின்றன. அறிகுறி இருந்தும் நோய் இல்லாதவை எத்தனை, அறிகுறி இல்லாமலே நோய் வந்தவை எத்தனை என்று அந்த 37-ஐ வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

உங்கள் ஓரகத்திக்கும் இதேபோல் நான்கு கட்டம் போடலாம். தேவை இருந்தது, கூப்பிட்டார். தேவை இல்லை, கூப்பிட்டார். தேவை இல்லை, கூப்பிடவில்லை. தேவை இருந்தது, ஆனாலும் உங்களைக் கூப்பிடவில்லை. உங்கள் அபிப்பிராயம் முதல் கட்டத்தை மட்டும் வைத்துக் கட்டியது. கடைசிக் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். "அவங்களுக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று அவர் தன் அம்மாவிடமோ பக்கத்து வீட்டிலோ பையனை விட்டுவிட்டுப் போன நாட்கள் அதில் இருக்கும். அந்தக் கட்டம் உங்களுக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. ஒருவரைப் பற்றி "மட்டும்தான்", "எப்போதும்", "ஒருநாளும்" என்று தீர்மானமாகச் சொல்லும்போது இப்படி ஒரு கட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இனி எண்ணும் வேலை.

கால் லாக்கைத் திறப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். திறந்த பிறகு எழுதினால் பயனில்லை. முதலாவது, வாக்கியம். "சுயநலம் பிடித்தவர்" என்று எழுதினால் எண்ண முடியாது, ஏனென்றால் எதைச் செய்தாலும் அதற்குள் அடக்கிவிடலாம். "என்னைக் கூப்பிடும்போது பெரும்பாலும் ஏதாவது கேட்கத்தான் கூப்பிடுகிறார்" என்று எழுதினால் எண்ணலாம். இரண்டாவது, எதைத் "தேவை" என்று கணக்கில் எடுப்பது. பணம், பொருள், வேலை, உங்கள் நேரம் இவற்றில் ஒன்றைக் கேட்டால் தேவை. ஒரு போன் நம்பர் கேட்டாலோ, "சாம்பார் பொடிக்கு மல்லி எவ்வளவு போடுவே?" என்று கேட்டாலோ அது தேவையா இல்லையா? எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் முன்பே முடிவு செய்யுங்கள். மூன்றாவது, எந்த எண்ணிக்கை வந்தால் உங்கள் வாக்கியம் தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள். இந்த மூன்றாவதை எழுதத்தான் கை தயங்கும். அந்தத் தயக்கம் வந்தால், அபிப்பிராயம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு அதையே அளவாக எடுத்துக்கொள்ளலாம்.

எண்ண வேண்டிய காலத்தை, கடந்த 90 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அந்தச் சண்டைக்கு அப்புறம்" என்று ஆரம்பிக்கக் கூடாது, அப்படிச் செய்தால் முதல் நாளையே அபிப்பிராயம் தேர்ந்தெடுத்துவிடும். வாட்ஸ்அப் கால்கள் சாதாரண லாக்கில் வராமல் போகலாம் என்பதால் அந்தச் செயலிக்குள்ளும் போய்ப் பாருங்கள். அப்புறம் ஒப்பிட இன்னொருவர் வேண்டும். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவரை, உங்கள் தங்கையை என்று வைத்துக்கொள்வோம், அதே 90 நாளுக்கு அதே வரையறையில் எண்ணுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் எண்ணுவது வீண். ஓரகத்தி ஐந்து முறை உதவி கேட்டார் என்ற எண்ணிக்கைக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது.

தாளில் ஆளுக்கு மூன்று பத்தி: கேட்டது, சும்மா பேசியது, ஞாபகம் இல்லை. மூன்றாவது பத்தி கட்டாயம் வேண்டும். கால் லாக் தேதியையும் நேரத்தையும் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதையும் காட்டும், பேசிய விஷயத்தைக் காட்டாது. ஞாபகம் வராத போனைப் பார்த்து "ஏதாவது கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாங்க" என்று முதல் பத்தியில் தள்ளிவிடக் கை துடிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓரகத்தியிடமிருந்து 90 நாளில் 14 போன் வந்திருக்கிறது. அதில் கேட்டது 5, சும்மா பேசியதாக ஞாபகம் இருப்பது 3, ஞாபகம் இல்லாதது 6. தங்கையிடமிருந்து 36 போன். அதில் கேட்டது 12, சும்மா பேசியது 10, ஞாபகம் இல்லாதது 14. ஓரகத்தியின் போன்களில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றே மேல் உதவி கேட்டு வந்தவை. தங்கையின் போன்களில் சரியாக மூன்றில் ஒன்று. எண்ணிக்கையாகப் பார்த்தால் தங்கைதான் இரண்டு மடங்குக்கு மேல் கேட்டிருக்கிறாள். "அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா" என்று அது உங்கள் மனதில் பாசக் கணக்கில் வரவாகியிருக்கும்.

உதவி கேட்ட போன் பின்விளைவுகளோடு வருவதால் பெரும்பாலும் ஞாபகத்தில் தங்கும். அதனால் ஞாபகம் இல்லாத 6 போன்களில் பெரும்பகுதி சும்மா பேசியதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் அதை ஊகமாகவே வைத்துக்கொண்டு, அடுத்த 60 நாளுக்கு முன்னோக்கி எண்ணுங்கள். இரண்டு பேரில் யார் கூப்பிட்டாலும் அன்றைக்கே, தூங்கப் போவதற்குள், ஒரே ஒரு குறி. விவரம் எழுதாதீர்கள். விவரம் எழுதத் தொடங்கினால் அது குறைகளின் டைரியாக மாறிவிடும். பின்னோக்கிய கணக்கும் முன்னோக்கிய கணக்கும் ஒத்துப்போனால் நம்பலாம்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. ஓரகத்தி 14, தங்கை 36. அதாவது அவர் குறைவாகத்தான் கூப்பிடுகிறார். உங்கள் மனம் உணர்ந்த ஏதோ ஒன்று உண்மைதான், ஆனால் அதற்கு வைத்த பெயர் தப்பு. அங்கே இருப்பது நெருக்கக் குறைவு. "பயன்படுத்திக்கொள்கிறார்" என்ற பெயரை வைத்ததும் அது குற்றமாகிவிட்டது. நெருக்கக் குறைவு இரண்டு பக்கமும் இருக்கக்கூடியது என்பதால், அதே லாக்கில் நீங்கள் அவரைக் கூப்பிட்டது எத்தனை, அதில் எத்தனை முறை நீங்கள் ஏதாவது கேட்கக் கூப்பிட்டீர்கள் என்பதையும் எண்ணிவிடுங்கள். பலரும் இந்த எண்ணிக்கைக்கு வந்ததும் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். மடிக்காதீர்கள்.

இப்போது வழுக்கும் இடம். கணக்கு உங்களுக்கு எதிராக வந்ததும் மனதில் ஒரு வாக்கியம் எழும்: "சும்மா பேசுற மாதிரிப் பேசி, பின்னாடி கேக்கறதுக்கு வழி பண்ணி வைக்கிறாங்க." இது எழும் நொடியைக் கவனியுங்கள். செயலைப் பற்றிய வாக்கியம் நோக்கத்தைப் பற்றிய வாக்கியமாக மாறிவிட்டது. கூப்பிட்டாரா இல்லையா என்பதை லாக் சொல்லும். எதற்காகக் கூப்பிட்டார் என்பதை எந்த லாக்கும் சொல்லாது. அதனால் அபிப்பிராயம் அங்கே போய் ஒதுங்கிக்கொள்கிறது. ஒருவர் கெட்டது செய்தால் அது அவர் குணம், நல்லது செய்தால் அதில் உள்நோக்கம் என்றாகிவிட்டால் அந்த அபிப்பிராயத்தை அசைக்க உலகத்தில் எந்தச் சம்பவத்தாலும் முடியாது. கணக்குக்கு முன்னால் எழுதிய வரையறை இந்த இடத்துக்காகத்தான். தாளில் "உள்நோக்கம்" என்ற சொல் இல்லை, ஆகவே இப்போது அதைச் சேர்க்க முடியாது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊரில் சொல்வது இந்த அர்த்தம் கொடுக்கும் வேலையைத்தான். 1983-இல் ஜான் டார்லியும் பேஜெட் கிராஸும் வெளியிட்ட ஆய்வு அதற்கு உரை எழுதியது போல இருக்கும். நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமியை வீடியோவில் காட்டினார்கள். சிலர் அவள் வசதியான பகுதியில் வளர்வதாகப் பார்த்தார்கள், சிலர் ஏழைப் பகுதியில் வளர்வதாகப் பார்த்தார்கள். இதை மட்டும் பார்த்தவர்கள், அவள் திறமையைப் பற்றி அவசரப்பட்டு வேறுவேறாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னொரு பகுதியினருக்கு, அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வீடியோவையும் காட்டினார்கள். சிலவற்றுக்குச் சரியாகச் சொல்வாள், சிலவற்றில் தடுமாறுவாள். எல்லோரும் பார்த்தது அதே வீடியோதான். வசதியான பெண் என்று நினைத்தவர்கள் அவளைத் தன் வகுப்புக்கு மேலே மதிப்பிட்டார்கள், ஏழைப் பெண் என்று நினைத்தவர்கள் கீழே மதிப்பிட்டார்கள். இரண்டு தரப்பும் அந்த வீடியோவிலிருந்தே ஆதாரம் காட்டினார்கள்.

கூடுதலாகப் பார்த்தால் அபிப்பிராயம் தானாகத் திருந்திவிடும் என்று நாம் நம்புகிறோம். இரண்டு பக்கமும் சாயக்கூடிய சம்பவங்களைக் கூடுதலாகப் பார்த்தால் அபிப்பிராயம் இன்னும் இறுகும். ஊகமாக இருந்தது "கண்ணால பார்த்தேன்" என்று ஆகிவிடும். உறவினரை வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய பிறகும் தப்பான எண்ணம் கலையாமல் இருப்பது இதனால்தான்.

"பாரபட்சம் இல்லாமல் பார்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதும் உதவாது. சார்ல்ஸ் லார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984-இல் இதைச் சோதித்தார்கள். மரண தண்டனை பற்றி உறுதியான கருத்து உடையவர்களிடம் ஆய்வறிக்கைகளைக் கொடுத்து, நடுநிலையோடு மதிப்பிடுங்கள் என்று சொன்னபோது சாய்வு குறையவில்லை. இதே ஆய்வு, இதே முறையில், எதிர் முடிவைத் தந்திருந்தால் அப்போதும் இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னபோது குறைந்தது. வீட்டுக்கு ஏற்றபடி அந்தக் கேள்வியை மாற்றினால் இப்படி வரும்: இதே வார்த்தையை, இதே குரலில், என் தங்கை சொல்லியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்? ஓரகத்தி "இந்தப் புடவை என்ன விலை?" என்று கேட்டால் பொறாமை, தங்கை கேட்டால் ஆசை. நல்லவராக இரு என்று இந்தக் கேள்வி உங்களிடம் சொல்வதில்லை. ஆளை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைக்கச் சொல்கிறது, அதனால்தான் வேலை செய்கிறது.

குடும்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. "நான் மட்டுமா சொல்றேன், எல்லாருமே சொல்றாங்க" என்போம். மாமியார், சித்தி, நாத்தனார் மூவரும் ஒன்றையே சொன்னால் மூன்று சாட்சி போலத் தோன்றும். ஒவ்வொருவரிடமும் "நீங்களே நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வளைகாப்பில் நடந்த ஒரே சம்பவம் மூன்று வாய் மாறி வந்திருப்பது பல வீடுகளில் தெரியவரும். அந்தச் சம்பவத்தை முதலில் சொன்னவர் நீங்களாகவே இருக்கவும் கூடும். சாட்சிகளைக் கூட்டும்போது வாய்களை விட்டுவிட்டுச் சம்பவங்களை எண்ண வேண்டும்.

ஆபீஸ் பையன் விஷயம் வேறு மாதிரி. அங்கே நீங்கள் பார்ப்பவர் மட்டும் இல்லை, சரிபார்ப்பவரும் நீங்கள்தான். பில் போடும் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருமே 20 பில்லுக்கு ஒரு தப்பு செய்பவர்கள். ஒருவன் மேல் சந்தேகம் இருப்பதால் அந்த மாதம் அவனுடைய 60 பில்களைப் பார்க்கிறீர்கள், மற்றவருடைய 20 பில்களைப் பார்க்கிறீர்கள். அவனிடம் 3 தப்பு கிடைக்கும், இவரிடம் 1. "மூணு தடவை மாட்டினான்" என்று நீங்கள் சொல்வது பொய்யே இல்லை. மூன்று தப்புகளும் மேஜை மேல் இருக்கின்றன. நேர்மையான மேலாளர்களும் இதில் விழுவது அதனால்தான். தப்பு எத்தனை என்பதோடு எத்தனையில் அத்தனை என்பதையும் எழுதும் வழக்கம் இருந்தால் இது உடனே வெளிப்பட்டுவிடும்.

சரிசெய்வது எளிது. இருவருடைய பில்களிலும் வரிசை எண்படி ஒவ்வொரு பத்தாவதையும் எடுங்கள். யாருடையது என்ற பெயர் தெரியாதபடி இன்னொருவரை விட்டுக் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள். எதைத் தப்பு என்று எண்ணுவது என்பதையும், அதாவது தொகை தப்பு, வரி தப்பு, வாடிக்கையாளர் பெயர் தப்பு என்று, முன்பே வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத எண்ணிக்கையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். 20 பில்லில் ஒரு தப்பு, இரண்டு தப்பு என்ற வித்தியாசம் அதிர்ஷ்டத்தாலேயே வரும். ஆளுக்கு நூறு பில்களுக்கு மேல் சேர்ந்த பிறகும் வித்தியாசம் பெரிதாக நின்றால் பேசுங்கள்.

கேட்கும் கேள்வியிலும் இதே சாய்வு நுழையும். மார்க் ஸ்னைடரும் வில்லியம் ஸ்வானும் 1978-இல் செய்த ஆய்வில், முன்பின் அறியாத ஒருவர் கலகலப்பான சுபாவம் உள்ளவரா என்று கண்டுபிடிக்கச் சொல்லி, 26 கேள்விகள் உள்ள பட்டியலிலிருந்து 12-ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்கள், பார்ட்டியைக் கலகலப்பாக்க என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகளைத்தான் அதிகம் எடுத்தார்கள். கூச்ச சுபாவமா என்று பார்க்கச் சொன்னவர்கள் கூச்சத்தைக் கிளறும் கேள்விகளை எடுத்தார்கள். இப்படிக் கேட்டால் எவரும் அந்தக் கேள்விக்குள் நின்றுதான் பதில் சொல்வார், பதிலும் எதிர்பார்த்தபடியே இருக்கும். "இந்த வாரம் எங்கே கோட்டை விட்டே?" என்று கேட்டால் அவன் கோட்டை விட்ட இடத்தைத்தான் சொல்ல முடியும். மற்றவரிடம் "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டிருப்பீர்கள். இருவரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசையில் கேட்க வேண்டும்.

கீழ்வீட்டுக்காரர் விஷயத்துக்குத்தான் மூன்றிலும் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே எண்ணுவதற்கே ஒன்றும் இருக்காது. குடிவந்த புதிதில் படிக்கட்டில் எதிரே வந்தார், சிரித்தீர்கள், அவர் சிரிக்கவில்லை. இன்னொரு நாளும் அப்படியே. "திமிர்" என்று எழுதி முடித்தாயிற்று. அதற்குப் பிறகு அவர் வரும்போது நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். அவர் திரும்பிச் சிரித்தாரா என்பது இனி தெரியப்போவதில்லை.

ஆய்வாளர் யெர்க்கர் டென்ரெல் 2005-இல் இதைக் கணித மாதிரியாகவே எழுதிக் காட்டினார். ஒருவரைப் பிடித்துவிட்டால் மறுபடி மறுபடி பழகுகிறோம், அதனால் தப்பான நல்லெண்ணம் நாளடைவில் திருந்திவிடும். பிடிக்காமல் போனால் விலகுகிறோம், விலகியதால் புதிய அனுபவம் வராது, தப்பான கெட்ட எண்ணம் அப்படியே தங்கிவிடும். மனம் ஒருதலையாகச் சிந்திக்காவிட்டாலும் கூட இது நடக்கும். விலகல் ஒன்றே போதும். அதனால்தான் தப்பான நல்லெண்ணங்களைவிடத் தப்பான கெட்ட எண்ணங்களுக்கு ஆயுசு அதிகம்.

விலகல் எதிராளிக்கும் தெரியும். உளவியலாளர் ஹெரால்ட் கெல்லி 1950-இல் செய்த வகுப்பறைச் சோதனை இதைக் காட்டியது. ஒரு புதிய விரிவுரையாளரைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு கொடுத்தார். பாதிப் பேருடைய குறிப்பில் "மிகவும் அன்பானவர்" என்றும் மீதிப் பேருடையதில் "சற்று ஒட்டாதவர்" என்றும் இருந்தது. மற்றதெல்லாம் ஒன்றுதான். ஒரே அறையில் ஒரே பேச்சைக் கேட்ட பிறகு நடந்த கலந்துரையாடலில், அன்பானவர் என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் கலந்துகொண்டார்கள். மற்றவர்களில் 32 சதவீதம்தான். ஒட்டாதவர் என்று நினைத்தவரிடம் நாம்தான் முதலில் ஒட்டாமல் போகிறோம், அப்புறம் அந்த இடைவெளியை அவர் கணக்கில் எழுதுகிறோம்.

ஆகவே இங்கே எண்ணுவதற்கு முன் சம்பவங்களை உண்டாக்க வேண்டியிருக்கிறது. மூன்று வாரத்துக்குள் பதில் சொல்லியே ஆகவேண்டிய சின்னச் சின்னப் பேச்சு ஐந்து போதும். "சார், உங்க பக்கம் தண்ணி வருதா?", "கரென்ட் எப்போ வரும்னு ஏதாவது சொன்னாங்களா?" என்ற அளவில். வெறும் சிரிப்பைச் சோதனையாக வைக்காதீர்கள். காது மந்தம், கண்ணாடி போடாதது, காதில் மாட்டிய இயர்போன், மனதில் ஓடும் கவலை என்று சிரிப்புக்குப் பதில் வராமல் போக ஆயிரம் காரணம் இருக்கும். பெயரையோ "சார்" என்ற விளியையோ சொல்லிக் கேட்கும் கேள்விக்குப் பதில் வந்ததா, வரவில்லையா என்பது தெளிவாகத் தெரியும். ஐந்தில் நான்குக்கு ஒழுங்கான பதில் வந்தால் "திமிர்" என்ற சொல்லை எடுத்துவிடலாம். ஐந்துக்கும் முகத்தைத் திருப்பினால், இப்போது உங்களிடம் இருப்பது நீங்கள் தேடிப் பெற்ற அனுபவம், பழைய இரண்டு படிக்கட்டுச் சந்திப்பு இல்லை.

எல்லாவற்றுக்கும் இந்த முறையைப் போடக் கூடாது. வீட்டுக்கு வரும் ஓர் ஆணின் பார்வையோ தொடுகையோ சரியில்லை என்று உங்களுக்கோ பிள்ளைக்கோ தோன்றினால் 90 நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அடிப்பவர், மிரட்டுபவர், கடன் வாங்கி ஏமாற்றிய பின் மறுபடி கேட்பவர் விஷயத்திலும் அப்படியே. அங்கே ஒரு சம்பவமே போதும், ஏனென்றால் நம் எண்ணம் தப்பாக இருந்தால் வரும் நஷ்டம் ஒரு மனவருத்தம், சரியாக இருந்து நாம் சும்மா இருந்தால் வரும் நஷ்டம் மிகப் பெரிது. எண்ணிக்கைக்கு எடையும் தெரியாது. ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது ஒருவர் வரவில்லை என்பதை, அவர் பண்ணிய இருபது சும்மா போன்களோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அப்படிப்பட்ட ஒன்று உங்கள் ஓரகத்தி விஷயத்தில் அடியில் கிடந்தால், "தேவைன்னா மட்டும்" என்பது அதற்குப் போட்ட மூடியாகவே இருக்கலாம். அப்போது கால் லாக் உதவாது. அந்த ஒரு நாளைப் பற்றி அவரிடம் நேராகப் பேச வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் கணக்கைத் தொடங்குங்கள். தாளை கணவரிடம் காட்ட வேண்டாம். காட்டினால் யார் சொன்னது சரி என்ற போட்டி ஆகிவிடும், எண்ணிக்கையும் அந்தப் பக்கம் சாய ஆரம்பிக்கும். 60 நாள் முடிந்ததும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடுங்கள். குடும்பத்தாரைப் பற்றிய கணக்கு வேலை முடிந்த பிறகும் வீட்டில் இருந்தால் அதுவே ஆயுதமாகிவிடும். இந்த 60 நாளில் நீங்களாக அவரைக் கூப்பிடும் வழக்கத்தை மாற்றாதீர்கள். இடையில் திடீரென்று நிறையக் கூப்பிட ஆரம்பித்தால் அவர் கூப்பிடுவதும் மாறும், நீங்கள் எண்ணுவது பழைய உறவை இல்லை என்றாகிவிடும். கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் அறுபத்தோராவது நாள் கூப்பிடுங்கள்.